50 பேர் வகுப்பில் 3 ஃப்ளாக்: டிடெக்டர் சொன்னதை எண்ணிப் பார்ப்பது எப்படி

வகுப்பின் கட்டுரைகள் அத்தனையையும் ஏஐ டிடெக்டரில் ஓட்டிவிட்டு, ஃப்ளாக் ஆன பெயர்கள் அடங்கிய ரிப்போர்ட்டைத் திறக்கப் போகும் ஆசிரியருக்காக எழுதியது இது. அந்தப் பெயர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே ஏஐயை வைத்து எழுதினார்கள் என்பதைக் கருவி சொல்லாது. அதை நாம்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பெருக்கல், கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். புதிதாகச் செய்பவர்கள் கணக்கில் தவறுவதில்லை, வரிசையில்தான் தவறுகிறார்கள்.

## தொடங்கும் முன் தேவைப்படுபவை

மூன்று எண்கள் வேண்டும்.

முதலாவது, அடிப்படை விகிதம்: வந்து சேர்ந்த நூறு கட்டுரைகளில் உண்மையில் எத்தனை ஏஐ எழுதியவை. இரண்டாவது, பிடிக்கும் விகிதம்: ஏஐ எழுதிய நூறில் எத்தனையைக் கருவி பிடிக்கிறது. மூன்றாவது, தவறாகக் குறிக்கும் விகிதம்: மனிதர் எழுதிய நூறில் எத்தனையைக் கருவி ஏஐ என்று சொல்லிவிடுகிறது.

பின்னிரண்டும் கருவியின் குணம். முதலாவது உங்கள் வகுப்பின் குணம். விளம்பரத்தில் வரும் ‘துல்லியம் 96%’ என்ற ஒற்றை எண்ணுக்குள் உங்கள் வகுப்பு இருக்கவே முடியாது என்பதால் அதை இந்தக் கணக்கில் எங்கும் சேர்க்காதீர்கள். திரையில் ஒரு கட்டுரையின் பக்கத்தில் தெரியும் ‘98% ஏஐ’ என்பதையும் அப்படியே ஒதுக்குங்கள். சில கருவிகளில் அது கட்டுரையில் எவ்வளவு பகுதி ஏஐ போல இருக்கிறது என்பதன் அளவு, சிலவற்றில் கருவி தனக்குத் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண். அந்த மாணவர் ஏமாற்றியிருக்க 98% வாய்ப்பு என்று எந்தக் கருவியிலும் அதற்குப் பொருள் இல்லை.

## 1. ரிப்போர்ட்டைத் திறக்கும் முன் அடிப்படை விகிதத்தை எழுதிவிடுங்கள்

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃப்ளாக் பட்டியலைப் பார்த்த பிறகு யாரைக் கேட்டாலும், ‘அட, இவ்வளவு பேரா’ என்று அவர்கள் கணிப்பு தானாக ஏறிவிடும். அப்படி ஏறிய எண்ணை வைத்தே பட்டியலைச் சோதிப்பது, விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதற்குச் சமம்.

துல்லியமான எண் யாரிடமும் கிடையாது. குறைந்தபட்சம், நடு, அதிகபட்சம் என்று மூன்று மதிப்புகள் எழுதினால் போதும். கட்டுரை வகுப்பிலேயே கையால் எழுதப்பட்டதா, வீட்டுக்குக் கொடுத்ததா, வரைவுகள் கேட்டீர்களா, எவ்வளவு மதிப்பெண்ணுக்கு என்பதெல்லாம் அதைக் கூட்டும், குறைக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் நடு மதிப்பு 2% என்று வைத்துக்கொள்கிறேன். வரைவுகளைக் கேட்டு வாங்கி, வகுப்பில் பேசி எழுதவைத்த ஒரு கட்டுரைக்கு இது நடக்கக்கூடிய எண்தான்.

இங்கே அடிக்கடி நேரும் தவறு ஒன்று. ‘மாணவர்களில் பாதிப் பேர் ஏஐ பயன்படுத்துகிறார்கள்’ என்று எங்கோ வந்த ஒரு கருத்துக்கணிப்பை எடுத்து, அடிப்படை விகிதம் 50% என்று போட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வி ‘எப்போதாவது, எதற்காவது’ பயன்படுத்தியதைப் பற்றியது. நமக்கு வேண்டியதோ, இந்தக் கட்டுரையை ஏஐயை விட்டு எழுதவைத்துத் தன் பெயரில் கொடுத்தவர்களின் விகிதம். இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது.

## 2. பழைய கட்டுரைகளை ஓட்டி, தவறாகக் குறிக்கும் விகிதத்தை அளந்துகொள்ளுங்கள்

நிறுவனம் சொல்லும் எண் அவர்கள் சோதித்த கட்டுரைகளுக்கானது, உங்கள் மாணவர்களின் எழுத்துக்கு அது பொருந்தாமல் போகலாம். அளந்து பார்க்க நல்ல வழி: சாட்ஜிபிடி பொதுமக்களுக்கு வந்தது 2022 நவம்பர் 30 அன்று. அதற்கு முன் உங்கள் துறையில் வந்த கட்டுரைகளை மனிதர் எழுதியவை என்று ஏறத்தாழ உறுதியாகவே வைத்துக்கொள்ளலாம். பெயர்களை நீக்கி, உங்கள் நிறுவன விதி அனுமதித்தால், அவற்றை அதே கருவியில் ஓட்டுங்கள். ஃப்ளாக் ஆவது ஒவ்வொன்றும் தவறான ஃப்ளாக்.

பழைய கட்டுரைகள் இப்போதைய கட்டுரையின் வகையிலும் நீளத்திலும் இருக்கட்டும். சின்னப் பத்திகளில் இக்கருவிகள் அதிகம் தடுமாறும்.

100 பழைய கட்டுரைகள் ஓட்டி ஒன்றுகூட ஃப்ளாக் ஆகவில்லை என்றால், ‘தவறு 0%’ என்று எழுதிவிடாதீர்கள். சோதித்த எண்ணிக்கையால் 3-ஐ வகுக்க வேண்டும் என்று புள்ளியியலில் ஒரு எளிய விதி உண்டு: 3/100, அதாவது உண்மையான விகிதம் 3% வரைகூட இருக்கலாம், அப்போதும் இப்படிச் சுத்தமான முடிவு வரக்கூடும். 300 கட்டுரை ஓட்டியும் ஒன்றும் விழாவிட்டால்தான் 1%-க்குள் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம்.

பிடிக்கும் விகிதத்துக்கு, அதே தலைப்பைக் கொடுத்து ஏஐயை எழுதவைத்து ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் மாணவர்கள் திருத்தி, வார்த்தை மாற்றித்தான் கொடுப்பார்கள் என்பதால் நிஜத்தில் அது இன்னும் குறைவாகவே இருக்கும். இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஏன் என்பது 5-ஆம் படியில் தெரியும்.

நம் கணக்குக்குப் பிடிக்கும் விகிதம் 80%, தவறாகக் குறிக்கும் விகிதம் 4% என்று வைத்துக்கொள்வோம்.

## 3. சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு, கட்டுரைகளை எண்ணுங்கள்

ஒரு துறையில் ஒரு பருவத்துக்கு 500 கட்டுரைகள் வந்திருக்கின்றன என்போம்.

இதில் 2%, அதாவது 10 கட்டுரைகள் ஏஐ எழுதியவை. மீதி 490 மாணவர்களே எழுதியவை.

அந்த 10-இல் கருவி 80% பிடிக்கும்: 8 கட்டுரைகள். 2 தப்பிவிடும்.

அந்த 490-இல் 4%-ஐத் தவறாகக் குறிக்கும்: 19.6, அதாவது 20 கட்டுரைகள்.

மொத்தம் ஃப்ளாக் ஆனவை 28.

சதவீதத்திலேயே கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில் 80-ஐயும் 4-ஐயும் அருகருகே வைத்துப் பார்த்து, ‘80 எங்கே, 4 எங்கே’ என்று நிம்மதியாகிவிடுவார்கள். 80% என்பது 10 பேரில் எடுத்தது, 4% என்பது 490 பேரில் எடுத்தது. பெரிய கூட்டத்தில் எடுத்த சின்னப் பங்கு, சின்னக் கூட்டத்தில் எடுத்த பெரிய பங்கைத் தாண்டிவிடுகிறது. இதைத் தாளில் எண்ணாக எழுதினால்தான் கண்ணில் படும்.

## 4. ஃப்ளாக் ஆனவர்களுக்குள் மட்டும் வகுங்கள்

இப்போது 500-ஐ மறந்துவிடுங்கள். உங்கள் மேசையில் இருப்பவை 28 கட்டுரைகள். அவற்றில் ஏஐ எழுதியவை 8. எனவே ஒரு ஃப்ளாக் சரியாக இருக்க வாய்ப்பு 8/28, அதாவது 29%.

50 பேர் உள்ள ஒரே வகுப்பாகச் சுருக்கினால் இன்னும் தெளிவு. அதில் ஏஐயை விட்டு எழுதவைத்தவர் ஒருவர், தானே எழுதியும் ஃப்ளாக் ஆனவர்கள் இருவர். அந்த ஒருவர் பிடிபட்டிருந்தால்கூட, மூன்று பேரைக் கூப்பிட்டு விசாரித்தால் இருவர் எந்தத் தவறும் செய்யாதவர்கள்.

இந்தப் படியில் ஏறக்குறைய எல்லோரும் செய்யும் பிழை, கேள்வியைத் திருப்பிப் போடுவது. ‘மனிதர் எழுதியதைக் கருவி 4% தான் தவறாகக் குறிக்கும். ஆகவே ஃப்ளாக் ஆனவர் ஏமாற்றியிருக்க 96% வாய்ப்பு’ என்பார்கள். 4% என்பது, தானே எழுதிய ஒருவருக்கு ஃப்ளாக் விழும் வாய்ப்பு. நாம் கேட்பதோ, ஃப்ளாக் விழுந்த ஒருவர் தானே எழுதியவராக இருக்கும் வாய்ப்பு. அது 20/28, அதாவது 71%.

விரிதாளில் வைத்துக்கொள்ள விரும்பினால், B1-இல் அடிப்படை விகிதம், B2-இல் பிடிக்கும் விகிதம், B3-இல் தவறாகக் குறிக்கும் விகிதம் ஆகியவற்றைத் தசமமாக இடுங்கள்:

```
=B1*B2/(B1*B2+(1-B1)*B3)
```

0.02, 0.8, 0.04 என்று இட்டால் 0.29 வரும். 2% என்பதை 2 என்று இட்டுவிட்டால் விடை அபத்தமாக வரும், உடனே தெரிந்துவிடும்.

## 5. மூன்று எண்களையும் தனித்தனியே ஆட்டிப் பாருங்கள்

முதலில் அடிப்படை விகிதம். மற்ற இரண்டையும் தொடாமல் இதை மட்டும் மாற்றுங்கள். 10% ஆனால் 40 சரியான ஃப்ளாக், 18 தவறானவை, வாய்ப்பு 69%. 40% ஆனால் 160-க்கு 12, 93%. 1%-க்கு இறங்கினால் 4-க்கு 20, 17%. அதே கருவி, அதே ஃப்ளாக். பக்கத்துக் கல்லூரியில் ‘எங்களுக்கு நன்றாக வேலை செய்கிறது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வகுப்பு வேறு.

அடுத்து, பிடிக்கும் விகிதத்தை 100% ஆக்குங்கள். ஒன்றைக்கூட விடாத கருவி. இப்போது 10 சரியானவை, 20 தவறானவை, 33%. 29-இலிருந்து 33, அவ்வளவுதான். 2-ஆம் படியில் இதற்கு நேரம் செலவிட வேண்டாம் என்றது இதனால்தான். பிடிக்க வேண்டியவர்களே 10 பேர் இருக்கும்போது, எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் 10-ஐத் தாண்ட முடியாது.

கடைசியாக, தவறாகக் குறிக்கும் விகிதத்தை 4-இலிருந்து 1%-க்கு இறக்குங்கள். 8 சரியானவை, 5 தவறானவை, 62%. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் 13 பேரில் 5 பேர் தாங்களே எழுதியவர்கள்.

கற்பனை எண் வேண்டாம் என்பவர்களுக்கு உண்மையான ஒன்று. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26%-ஐப் பிடிக்கும், மனிதர் எழுதியதில் 9%-ஐத் தவறாகக் குறிக்கும் என்று அவர்களே அறிவித்தார்கள். 2% அடிப்படை விகிதத்தில் 1,000 கட்டுரைகளை அதில் ஓட்டியிருந்தால் 20-இல் 5 பிடிபடும், 980-இல் 88 தவறாக விழும். 93 ஃப்ளாக்கில் 5. துல்லியம் குறைவு என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் அதை விலக்கிக்கொண்டார்கள்.

## 6. யாருமே ஏமாற்றாமல் இருந்தாலும் எத்தனை விழும் என்று பாருங்கள்

இதுவரை அடிப்படை விகிதத்தை நாமே கணித்தோம். இப்போது பட்டியலைத் திறந்து, ஃப்ளாக்கின் மொத்த எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். பெயர்கள் இன்னும் வேண்டாம்.

500 கட்டுரைகளில் 26 ஃப்ளாக் என்போம். அது 5.2%. எல்லோரும் தாங்களே எழுதியிருந்தாலும் 4% விழுந்திருக்கும். மிச்சம் 1.2 தான் விளக்கம் கேட்கிறது. அதை, பிடிக்கும் விகிதத்துக்கும் தவறாகக் குறிக்கும் விகிதத்துக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும்:

```
(5.2 - 4) / (80 - 4) = 0.016
```

1.6%, அதாவது 8 கட்டுரைகள். நாம் முதலில் எழுதிவைத்த 2%-க்கு இது அருகில் இருக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்து ‘26 பேர் ஏமாற்றிவிட்டார்கள்’ என்று அறிக்கை எழுதப் போகிறவர் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. 4% என்பது ஒவ்வொரு முறையும் சரியாக 20 ஆக விழாது. 500 பேரும் தாங்களே எழுதிய பருவத்திலும் 11-இலிருந்து 29 வரை எதுவும் சாதாரணமாகவே வரலாம். (500 × 0.04 × 0.96 என்பதன் வர்க்கமூலம் 4.4, அதன் இருமடங்கை இருபுறமும் எடுத்தது.) ஆகவே 26 என்பது, ஒருவர்கூட ஏமாற்றாத பருவத்துக்கும் பொருந்துகிற எண். அந்த 8 கட்டுரைகள் இருக்கின்றன என்றுகூட இந்தப் பட்டியலை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

## 7. இரண்டாவது டிடெக்டரில் ஓட்டி ‘உறுதி’ செய்யாதீர்கள்

4-ஆம் படியில் பார்த்தது போல 28 பேர் என்றதும் பலரும் அடுத்துச் செய்வது, அந்தக் கட்டுரைகளை வேறொரு கருவியில் ஓட்டுவது. இரண்டும் சொன்னால் தவறாக இருக்க வாய்ப்பு 4%-இல் 4%, அதாவது 0.16% என்று பெருக்கிவிடுகிறார்கள். இரண்டு கருவிகளும் வெவ்வேறு காரணங்களுக்காகத் தவறினால்தான் அப்படிப் பெருக்கலாம். இவை தவறுவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக: அடுத்த சொல் எளிதாக ஊகிக்கும்படி இருக்கும் எழுத்து, சுருங்கிய சொல்வளம், ஒரே மாதிரியான வாக்கியங்கள்.

2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை 7 டிடெக்டர்களில் ஓட்டினார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. சராசரியாக 61% ஏஐ என்று குறிக்கப்பட்டன. கருவிகள் ஒன்றையொன்று சாராமல் தவறியிருந்தால், ஏழும் ஒருசேரத் தவறுவது 0.61-ஐ ஏழு முறை பெருக்கிய அளவுதான்: 91-இல் 3 கட்டுரைகளைத் தாண்டாது. உண்மையில் 18 கட்டுரைகளை ஏழு கருவிகளும் ஒரே குரலில் ஏஐ என்றன.

இந்த முடிவிலிருந்து நம் கணக்குக்கு இன்னொரு திருத்தமும் வருகிறது. கற்ற மொழியில் எழுதும் மாணவர்கள் உங்கள் வகுப்பில் இருந்தால், அவர்களுக்கு 4%-ஐப் பயன்படுத்தக் கூடாது. அவர்களுடைய பழைய கட்டுரைகளைத் தனியே ஓட்டித் தனி விகிதம் எடுங்கள். அது 20% என்று வந்தால், 2% அடிப்படையில் அவர்கள் மேல் விழும் ஒரு ஃப்ளாக் சரியாக இருக்க வாய்ப்பு 8% மட்டுமே. ஒரே மாணவருக்கு மூன்று அசைன்மென்ட்டிலும் ஃப்ளாக் விழுந்தால் அதையும் மூன்று சாட்சிகளாக எண்ணக் கூடாது. அவருடைய நடை மாறவில்லை, கருவியும் மாறவில்லை. அதே தவறுதான் திரும்ப வருகிறது.

## 8. வேறு வகைச் சான்றைக் கொண்டு கணக்கைத் தொடருங்கள்

29% என்பதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. அடுத்த சான்றுக்கு அதுவே அடிப்படை விகிதம். சான்று எழுத்து நடையைச் சாராததாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை: வரைவுகள், கோப்பின் திருத்த வரலாறு, பத்து நிமிட உரையாடல்.

உரையாடலை எடுத்துக்கொள்வோம். தன் கட்டுரையின் வாதத்தைத் தானே எழுதியவர்களில் 10-க்கு 9 பேர் நன்றாக விளக்குவார்கள், ஏஐயை விட்டு எழுதவைத்தவர்களில் 10-க்கு 3 பேர் விளக்கிவிடுவார்கள் என்று வைப்போம். இவை என் ஊகம், உங்கள் அனுபவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 28 பேரையும் கூப்பிட்டால், நன்றாக விளக்குபவர்கள்: ஏஐ தரப்பில் 2.4, மற்றவர்களில் 18. அவர்களில் ஒருவர் ஏமாற்றியிருக்க வாய்ப்பு 12%-க்கு இறங்குகிறது. தடுமாறுபவர்கள்: 5.6-க்கு 2. வாய்ப்பு 74%-க்கு ஏறுகிறது. பட்டியலைப் பிரித்துக் காட்டியது உரையாடல்தான், கருவி இல்லை. தடுமாறியவர்களில்கூட நாலில் ஒருவர் பயத்தில் திக்கிய, தானே எழுதியவர்.

உரையாடலை ‘உன் கட்டுரை ஃப்ளாக் ஆகியிருக்கிறது’ என்று தொடங்காதீர்கள். தானே எழுதியவரும் அந்த வாக்கியத்துக்குப் பிறகு தடுமாறுவார். அப்போது நீங்கள் வைத்திருந்த 10-க்கு 9 என்ற எண் செல்லாது. ‘இரண்டாவது பத்தியில் இந்த எடுத்துக்காட்டை ஏன் எடுத்தீர்கள்’ என்று கட்டுரையிலிருந்தே தொடங்குங்கள்.

## 9. சந்தேகம் முதலில் வந்திருந்தால் கணக்கு வேறு

மேலே சொன்னது எல்லாம் வகுப்பு முழுவதையும் ஓட்டியபோது வரும் கணக்கு. வேறொரு சூழலும் உண்டு. ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலைத் தேடிப் பார்க்கிறீர்கள், அதில் மூன்று நூல்கள் உலகத்திலேயே இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கட்டுரையை மட்டும் டிடெக்டரில் இடுகிறீர்கள். இங்கே அடிப்படை விகிதம் வகுப்பின் 2% அல்ல. இல்லாத நூல்களைக் காட்டிய கட்டுரைகளுக்குள் ஏஐ எழுதியவை எத்தனை என்பது. அது 40% என்றாலே ஒரு ஃப்ளாக் 93%-க்குக் கொண்டுபோகும் என்று 5-ஆம் படியில் பார்த்தோம்.

அந்தச் சந்தேகம் ஃப்ளாக்கைப் பார்ப்பதற்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். ஃப்ளாக் விழுந்த பிறகு கட்டுரையை மறுபடி படித்து, ‘ஆமாம், நடை கொஞ்சம் வழவழப்பாகத்தான் இருக்கிறது’ என்று சேர்ப்பது புதிய சான்று ஆகாது. கருவி ஏற்கெனவே பார்த்துவிட்ட அதே நடையைத்தான் நீங்களும் பார்க்கிறீர்கள். இதனால் குறிப்பேட்டில் ஒவ்வொரு சான்றுக்கும் எதிரே அது ஃப்ளாக்குக்கு முன்னா, பின்னா என்று எழுதிவைப்பது நல்லது. பின்னால் வந்ததில் மேற்கோள், திருத்த வரலாறு போலத் தனியே சரிபார்க்கக்கூடியதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.